மாரிமழையும் கூரைப் பீலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுள் பெய்து ஓய்ந்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்களில் கூரையின் ஓரத்தே வெறுமனே தொங்கும் பீலி, இக்காலத்திலேதான் தன் பயனைக் காட்டவேண்டியதாகின்றது. எனினும், மழை வலுத்த வேளைகளிற் பார்த்தால், எத்தனையோ கட்டடங்களில் நீர் பீலியினூடாகச் செல்லாது அதன் விளிம்பைக் கடந்து வழிந்து, சுவரை நனைத்து, அத்திவாரத்தின் அருகே மண்ணை அரித்துக் குழியாக்குவதைக் காணலாம். பீலி உண்டு, இறங்குகுழாயும் உண்டு, ஆயினும் நீர் வழிகின்றது. இதற்குக் காரணம் மழையின் மிகுதி என்று கூறி அமைவது எளிது. உண்மையில், பீலி, குழாய், கூரைச் சாய்வு என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமையே பெரும்பாலும் காரணமாகும். இப்பொருத்தத்தைச் சிறுகணக்கொன்றாற் கண்டுகொள்ளலாம்.

முதற்கண் மழையை எவ்வாறு அளப்பது என்பது தெளிவாகவேண்டும். மழை பற்றிய செய்திகளிற் பெரும்பாலும் கூறப்படுவது ஒரு நாளில் வீழ்ந்த அளவாகும். 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘நிசா’ப் புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அஞ்சத்தக்க அளவே அது. ஆயினும் அதனை 24 மணித்தியாலங்களுக்குப் பகிர்ந்தால், மணித்தியாலம் ஒன்றுக்குச் சராசரி 16 மில்லிமீற்றரே வருகின்றது. ஒடுங்கிய பீலியுங்கூட அவ்வளவு நீரை எளிதிற் கொண்டுசெல்லும். பீலியைத் தோற்கடிப்பது நாளளவு அன்று. அந்நாளின் ஏதோவொரு பொழுதில் ஐந்து அல்லது பத்து நிமிடம் கொட்டித் தீர்க்கும் கடும்பெயலேயாகும். சித்திரையிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் பிற்பகலில் இடியுடன் வரும் மழை, நாளளவிற் சிறிதாயிருந்தும், இவ்வகைக் கடுமையில் நெடுநேரம் பெய்யும் மாரிமழையை விஞ்சுவதும் உண்டு. ஆதலின் நீர்த்தொட்டியின் கொள்ளளவை நாளளவு தீர்மானிக்க, பீலியின் அளவை நிமிடக் கணக்குத் தீர்மானிக்கின்றது. இவ்விரண்டையும் மயங்கவைத்தல் ஆகாது.

நிமிடக் கணக்கை அறிவதற்குப் பெருங்கருவி வேண்டியதில்லை. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுடைய நேர்ச்சுவர்ப் பாத்திரமொன்றை வெளியான முற்றத்தில் வைத்து, மழை உக்கிரமாகப் பெய்யும் ஐந்து நிமிடங்களில் அதனுள் ஏறிய நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து, அதனைப் பன்னிரண்டாற் பெருக்கினால் மணித்தியால வீதம் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் 10 மில்லிமீற்றர் ஏறினால் அது மணித்தியாலத்துக்கு 120 மில்லிமீற்றர் என்னும் வீதமாகும். இக்கட்டுரையிற் பீலியின் கணக்கிற்கு மணித்தியாலத்துக்கு 150 மில்லிமீற்றர், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை மில்லிமீற்றர், என்னும் வீதம் கொள்ளப்படுகின்றது. இதனைக் கடக்கும் மழை பெய்யாதென்பதன்று. அது பெய்யும்போது யாது நிகழும் என்பது பின்னர்க் கூறப்படும்.

மழை மில்லிமீற்றரை நீரின் கன அளவாக மாற்றுவது மிக எளிது. ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை வீழ்ந்தால் அது சரியாக ஓர் இலீற்றர் நீராகும். எனவே கொள்ளப்பட்ட வீதத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரும் நிமிடத்துக்கு இரண்டரை இலீற்றர் நீரைத் தருகின்றது.

எடுத்துக்காட்டாக, பாடசாலை மண்டபம் ஒன்றை நோக்கலாம். அதன் நீளம் 24 மீற்றர். அகலம் 8 மீற்றர். நடுவே முகடு ஓட, இருபுறமும் ஓட்டுக் கூரை சாய்ந்திருக்கின்றது. சுவருக்கு வெளியே தாழ்வாரம் 60 சென்ரிமீற்றர் நீண்டுள்ளது. ஆகவே ஒரு புறத்துக் கூரை முகட்டிலிருந்து விளிம்புவரை கிடையாக அளந்தால் 4.6 மீற்றர் ஆகும். கூரையின் சாய்வு இரண்டுக்கு ஒன்று. அதாவது கிடையாக இரண்டு மீற்றர் செல்ல ஒரு மீற்றர் உயர்கின்றது. இது ஏறக்குறைய 27 பாகை. ஆகவே விளிம்பிலிருந்து முகடு 2.3 மீற்றர் உயரத்திலுள்ளது.

இங்கே கூரைச் சாய்வு கணக்கினுட் புகும் முதலிடம் உண்டு. மழை நேர்க்குத்தாக வீழுமாயின், கூரை எவ்வளவு செங்குத்தாயிருப்பினும் அது ஏற்கும் நீர் அதன் கிடைப்பரப்பையே பொறுத்தது. ஆனால் மாரிமழை காற்றோடு வருகின்றது. காற்றை எதிர்நோக்கிய கூரைப்புறம், சாய்ந்து வரும் மழைக்குத் தன் உயரத்தையும் நீட்டி நிற்பதால் மிகுதியான நீரைப் பெறுகின்றது. பொறியியலாளர் இதற்கு வழங்கும் நெறி யாதெனில், கூரையின் கிடை அகலத்தோடு அதன் உயரத்திற் பாதியைக் கூட்டிக்கொள்வதாகும். மழைத்துளி இரண்டு மீற்றர் இறங்கும்போது ஒரு மீற்றர் பக்கவாட்டிற் செல்லும் என்னும் எடுகோளே இதன் அடிப்படை. எனவே எடுத்துக்கொண்ட மண்டபத்தில் 4.6 உடன் 2.3இன் பாதியாகிய 1.15ஐக் கூட்ட 5.75 மீற்றர் வரும். அதனை நீளமாகிய 24ஆற் பெருக்க 138 சதுர மீற்றர் ஆகும். இதனை இரண்டரையாற் பெருக்கினால் நிமிடத்துக்கு 345 இலீற்றர்; அதாவது செக்கனுக்கு 5.75 இலீற்றர். ஒரு புறத்துப் பீலி, கடும்பெயல் நேரத்தில், இரண்டு செக்கனுக்கு ஒரு வாளி நீரை வெளியேற்றவேண்டும் என்று கொள்ளின் இவ்வளவு இலகுவில் மனத்திற் பதியும்.

இனி, பீலியின் வலு நோக்கற்பாலது. பீலியில் ஓடும் நீர் குழாயில் ஓடும் நீர் போன்று தள்ளப்படுவதன்று. தன் மேற்பரப்பின் சரிவினாலேயே ஓடுவது. மட்டமாக வைக்கப்பட்ட பீலியிலும் நீர் ஓடுவதற்குக் காரணம், குழாய்வாயிலிருந்து தூரத்தேயுள்ள முனையில் நீர் உயர்ந்தும் வாயருகே தாழ்ந்தும் நிற்பதேயாகும். ஆகவே பீலி எங்கே முதலில் நிரம்பி வழியும் என்றால், வாயருகே அன்று. வாயிலிருந்து மிகத் தூரமான முனையிலேயே. 125 மில்லிமீற்றர் அகலமுடைய அரைவட்டப் பீலி, மட்டமாக அமைந்து, வாயில் தடையின்றி நீர் இறங்குமாயின், செக்கனுக்கு ஏறக்குறைய 1.4 இலீற்றரைக் கொண்டுசெல்லும். 150 மில்லிமீற்றர் அகலமுடையது ஏறக்குறைய 2.1 இலீற்றரைக் கொண்டுசெல்லும். அகலம் ஐந்திலொரு பங்கே கூடியிருக்க, வலு பாதிக்கு மேற் கூடியிருத்தல் கவனிக்கத்தக்கது. பீலி அகலும்போது ஆழமும் கூடுவதே இதற்குக் காரணம். பீலியின் ஓட்டம் மிக நீண்டால் உராய்வினால் இவ்வலு மேலும் குறையும்.

மண்டபத்தின் ஒரு புறத்துக்கு வேண்டியது 5.75 இலீற்றர், பெரிய பீலியின் வலுவோ 2.1 இலீற்றர். இதைக் கண்டவுடன் இருமடங்கு பெரிய பீலியைத் தேடுவோர் உளர். அது வேண்டாத செலவாகும். பீலியின் ஓர் ஓட்டம் சுமக்கவேண்டிய நீரைக் குறைப்பதே தக்க வழி. இதற்குக் குழாய்வாய்கள் எவ்விடத்தில் அமைகின்றன என்பதே முக்கியமாகும்.

ஒரே குழாயை ஒரு மூலையில் வைத்தால், 5.75 இலீற்றரும் ஒரே திசையில் 24 மீற்றர் ஓடி அம்மூலையை அடையவேண்டும். அக்குழாயை நடுவே வைத்தால், இருபக்கத்திலிருந்தும் 12 மீற்றர் ஓட்டம் இரண்டு அமையும், ஒவ்வொன்றும் 2.88 இலீற்றரைச் சுமக்கும். இரண்டு குழாய்களை வைத்து, அவற்றைப் பலரும் செய்வதுபோல இரு மூலைகளிலும் நிறுத்தினாலும் இதே 2.88 இலீற்றரே வரும். ஏனெனில் ஓட்டம் 12 மீற்றராகவே உள்ளது. இரண்டாவது குழாய்க்குச் செய்த செலவினால் பீலிக்கு ஒரு பயனும் விளையவில்லை. அவ்விரு குழாய்களையும் மூலைகளிலிருந்து அகற்றி, முனைகளிலிருந்து ஆறு ஆறு மீற்றர் உள்ளே, அதாவது நீளத்தின் காற்பங்கிலும் முக்காற்பங்கிலும், வைத்தால், பீலி ஆறு மீற்றர் கொண்ட நான்கு ஓட்டங்களாகப் பிரிகின்றது. ஒவ்வோர் ஓட்டமும் 1.44 இலீற்றரையே சுமக்கும். 150 மில்லிமீற்றர்ப் பீலி இதனை எளிதிற் சுமக்கும். மழை மணித்தியாலத்துக்கு 200 மில்லிமீற்றராக உயர்ந்தாலும் தாங்கும். 125 மில்லிமீற்றர்ப் பீலியோ மட்டுமட்டாகத் தவறிவிடும். பீலியும் அதுவே, குழாய்களும் அவையே, இடம் மாறியமையால் மட்டும் சுமை பாதியாயிற்று. மூலையிற் குழாய் நிற்பதுதான் அழகு என்னும் எண்ணமே பல கட்டடங்களில் நீர் வழிவதற்குக் காரணமாயுள்ளது.

அடுத்து இறங்குகுழாய். இங்கே ஒரு மயக்கம் பரவலாக உண்டு. 75 மில்லிமீற்றர் விட்டமுடைய நிலைக்குத்துக் குழாய், மூன்றிலொரு பங்கு நீர் நிறைந்த நிலையிலேயே செக்கனுக்கு ஐந்து இலீற்றர் வரை இறக்கவல்லது. ஆகவே 2.88 இலீற்றருக்கு அது போதியதென்று தோன்றும். ஆனால் அக்குழாய் இறக்கவல்லது வேறு. அதன் வாயினுட் புகவல்லது வேறு. பீலியின் அடியிலுள்ள துளையை நோக்கி வரும் நீர், அணைக்கட்டின் மேலாக வழிவதுபோல, துளையின் விளிம்பைக் கடந்தே உள்ளே வீழ்கின்றது. அவ்வாறு புகும் அளவு, விளிம்பின் சுற்றளவையும் விளிம்பின் மேல் நிற்கும் நீரின் ஆழத்தையும் பொறுத்தது. 2.88 இலீற்றர் நீர் 75 மில்லிமீற்றர் வாயினுட் புகவேண்டுமாயின் அவ்விடத்தே நீர் ஏறக்குறைய 60 மில்லிமீற்றர் ஆழம் நிற்கவேண்டும். 150 மில்லிமீற்றர் அரைவட்டப் பீலியின் முழு ஆழமே 75 மில்லிமீற்றர்தான். வாயிலேயே 60 நின்றால் தூர முனையில் நீர் விளிம்பைக் கடந்திருக்கும். மாறாக, கடைகளில் 110 மில்லிமீற்றர்க் குழாய் என விற்கப்படும் பிளாத்திக்குக் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 104 மில்லிமீற்றர்; அதன் வாயில் 35 மில்லிமீற்றர் ஆழம் நின்றாலே அதே நீர் புகுந்துவிடும். ஆகவே குழாயின் உடல் அன்று, வாயே இறுக்கமான இடம் என்பது தெளிவு. குழாய் சிறிதாயிருப்பினும் வாயைப் புனல்போல விரித்தோ, பீலியின் அடியில் ஆழமான பெட்டியொன்றை அமைத்து அதிலிருந்து குழாயை இறக்கியோ இக்குறையைத் தீர்க்கலாம்.

வாயின்மேல் இலைதழைகளைத் தடுக்கத் தட்டையான கம்பிவலை வைப்பது வழக்கம். அத்தகைய தடை உள்ளவிடத்து வாயின் வலு பாதியாகக் குறையும் எனக் கொள்ளுதலே பொறியியலாளர் நெறி. அவ்வாறாயின், மேற்கூறிய பெரிய குழாயிலும் 60 மில்லிமீற்றருக்கு மேல் நீர் நிற்கும். வேப்பிலையும் மாவிலையும் அவ்வலைமேற் படிந்துவிட்டால் அதுவும் இல்லை. வலை இன்றியமையாததாயின் அது குமிழ்போல் மேலெழுந்து நிற்கவேண்டும். அடியில் இலை படிந்தாலும் மேற்புறத்தால் நீர் புகும். புரட்டாதியில் ஒரு முறையும், முதல் மழைகள் ஓய்ந்தபின் ஒரு முறையும் பீலியைத் துப்புரவாக்குதல் வேண்டும். பெருங்காற்றோடு வரும் முதல் மழையே மரத்திலுள்ள சருகு முழுவதையும் கூரைக்குக் கொண்டுவருவதாதலின் இரண்டாம் முறையை விட்டுவிடலாகாது.

பீலிக்குக் கொடுக்கவேண்டிய சரிவு எவ்வளவு என்பது அடுத்த வினா. சரிவு கூடுமளவுக்கு நீர் விரைந்தோடும் என்று எண்ணிக் கைத்தொழிலாளர் சிலர் நூறுக்கு ஒன்று, அதனினும் மேலாகவும் சரிவு வைப்பர். 12 மீற்றர் ஓட்டத்தில் நூறுக்கு ஒன்று என்றால் ஒரு முனை மற்றதைவிட 12 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். கூரை விளிம்போ மட்டமாயிருக்கின்றது. ஆகவே தாழ்ந்த முனையில் ஓட்டின் நுனிக்கும் பீலிக்கும் இடையே பெரிய இடைவெளி தோன்றி, கூரையால் விரைந்து வரும் நீர் பீலியைத் தாண்டியே வீழும். 300க்கு ஒன்று என்னும் சிறு சரிவே போதியது. எடுத்துக்கொண்ட மண்டபத்தில் ஆறு மீற்றர் ஓட்டத்துக்கு இது 20 மில்லிமீற்றர் மாத்திரமே. இரு முனைகளும் நடுவும் உயர்ந்தும், குழாய்வாய் இரண்டும் தாழ்ந்தும் அமையும். இச்சரிவின் முதன்மையான பயன் வலுவைக் கூட்டுவதன்று. மழை ஓய்ந்தபின் நீர் தேங்காது வடிந்து, தகரம் துருப்பிடியாமலும் நுளம்பு பெருகாமலும் காப்பதேயாகும். தாங்கிகள் ஒரு மீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் இருத்தல் வேண்டும். இல்லையேல், நீரின் பாரத்தாற் பீலி நடுவே தொய்ந்து, இருந்த சிறு சரிவும் இல்லாதொழியும்.

கூரைச் சாய்வு மீண்டும் இங்கே கவனத்துக்கு வருகின்றது. சாய்வு குறைந்தால் ஓடுகளின் பொருத்துவாய்களால் நீர் பின்னேறி உள்ளே ஒழுகும். கூடினால், காற்றுமழையில் நீர் மிகுவதோடு அது விரைந்து வந்து பீலியின் வெளிவிளிம்பைத் தாண்டிப் பாயும். ஓட்டின் நுனி பீலியின் உட்புறத்தே நான்கு அல்லது ஐந்து சென்ரிமீற்றர் நீண்டு நிற்குமாறு பீலியைக் கூரைக்கு அணித்தாகப் பொருத்துதலே இதற்குப் பரிகாரம். நுனி மேலும் நீண்டு பீலியின் நடுவைக் கடக்குமாயின் நீர் வெளிவிளிம்பைத் தாண்டும். நீளம் குறையின், நீர் ஓட்டின் அடிப்புறமாகப் பின்வாங்கி, பீலிக்கும் விளிம்புப் பலகைக்கும் இடையே ஒழுகி, பலகையை உக்கச் செய்யும்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் இச்சிக்கல் வேறொரு வடிவில் உண்டு. அங்கே நான்கு கூரைகள் நடு முற்றத்தை நோக்கிச் சாய்கின்றன. இரு கூரைகள் சந்திக்கும் உள்மூலையிலே, இரண்டின் நீரும் ஒன்றாகி ஒரு மூலைப்பீலியால் இறங்குகின்றது. ஒவ்வொரு கூரையும் கிடையாக நான்கு மீற்றர் அகலமாயின், அம்மூலைக்குரிய பரப்பு நாலுக்கு நாலு, பதினாறு சதுர மீற்றர் ஆகும். விளிம்பு முழுவதும் பரந்து வீழவேண்டிய நீரில் நிமிடத்துக்கு 40 இலீற்றர் ஒரே புள்ளியில், அதுவும் நீண்ட சரிவில் விரைவு பெற்று, வந்து பாய்கின்றது. இதனாலேயே முற்றத்தைச் சூழப் பீலி வைத்த வீடுகளில் மற்றெங்கும் நீர் அடங்கியிருக்க, நான்கு மூலைகளில் மாத்திரம் அது தாண்டி வீழ்கின்றது. அவ்விடங்களிற் பீலியின் வெளிவிளிம்பை ஒரு சிறு தகட்டால் உயர்த்துதலும், குழாய்வாயை மூலைக்கு அணித்தாகவே வைத்தலும் வேண்டும். நீள்மண்டபத்துக்கு மூலை ஆகாதென்று கூறியதும், நாற்சார் வீட்டுக்கு மூலையே வேண்டுமென்று கூறுவதும் முரணல்ல. இரண்டிலும் நீர் எங்கே திரள்கின்றதோ அங்கிருந்து வாய்வரையுள்ள ஓட்டத்தைக் குறைப்பதே நோக்கம்.

நீர் வழியும் கட்டடமொன்றில் குறை எங்கேயுள்ளது என்பதை மழைவேளையில் குடையுடன் நின்று நோக்கினாலே அறியலாம். தூர முனையிற் பீலி வழிய, வாயருகே நீர் ஆழமின்றி ஓடுமாயின், பீலி சிறிது அல்லது சரிவு மாறியுள்ளது. வாயருகிலும் பீலி விளிம்பளவு நிறைந்து நிற்குமாயின், குழாய்வாய் சிறிது அல்லது அடைபட்டது. பீலியிற் பாதியளவே நீரிருக்க, கூரைநீர் அதனைத் தாண்டி வீழுமாயின், பீலி பொருத்தப்பட்ட இடமே பிழை. மழை ஓய்ந்து ஒரு மணித்தியாலத்தின் பின்னும் ஓரிடத்தில் நீர் தேங்கியிருப்பின் அங்கே தாங்கி தளர்ந்துள்ளது. மழையற்ற காலத்திலுங்கூட, நிலத்திலுள்ள அரிப்புக்குழி எவ்விடத்தின் கீழே உள்ளது என்பதிலிருந்து இவற்றுட் பலவற்றை ஊகிக்கலாம்.

கொள்ளப்பட்ட வீதத்தைக் கடக்கும் மழை என்றோ ஒருநாள் பெய்தே தீரும். அன்று நீர் வழிவதைத் தடுக்க இயலாது. எப்பக்கம் வழியும் என்பதை மாத்திரம் தீர்மானிக்கலாம். பீலியின் வெளிவிளிம்பு உள்விளிம்பிலும் ஒரு சென்ரிமீற்றரளவு தாழ்ந்திருந்தால், மிகுநீர் முற்றத்தில் வீழும். உயர்ந்திருந்தால், சுவருள் இறங்கும். கூரையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டி அதன் உட்புறத்தே பீலி அமைக்கும் புதுமுறை வீடுகளில் இவ்வசதி இல்லை. அங்கே மிகுநீர் செல்வதற்கு உள்ளேயன்றி வேறு வழியில்லை. எனவே அவற்றில் பீலியைக் கணக்கிலும் பெரிதாக அமைப்பதோடு, கைப்பிடிச்சுவரில் தனியாகப் போக்குத்துளைகளையும் இடுதல் கட்டாயமாகும்.

இறுதியாக, குழாய் நிலத்தை அடைந்தவுடன் கணக்கு முடிந்துவிடுவதில்லை. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் உவராகியும் கடினமாகியும் வரும் இடங்களில் மழைநீரைத் தொட்டியிற் சேமிப்போர் உளர். மேற்கூறிய மண்டபத்தின் ஒரு புறத்துக் கிடைப்பரப்பு 110 சதுர மீற்றர். 2008ஆம் ஆண்டின் அப்புயல்நாள் போன்ற ஒரு நாளில் அதன்மேல் வீழும் நீர் ஏறக்குறைய 43,000 இலீற்றர். பத்தாயிரம் இலீற்றர் கொள்ளும் தொட்டி காலையிலேயே நிரம்பிவிடும். அதன் பின்னர், உள்வரும் ஒவ்வோர் இலீற்றரும் வெளியேறியாகவேண்டும். 110 மில்லிமீற்றர்க் குழாயால் நீரைப் புகவிட்டு, மிகுநீர் செல்ல 50 மில்லிமீற்றர்க் குழாயை வைத்தால், நீர் தொட்டியின் மூடியைக் கிளப்பிக்கொண்டு அத்திவாரத்தையே நாடும். புகும் வாயிலும் போகும் வாய் சிறிதாகாதிருத்தல் வேண்டும். அது திறக்கும் வாய்க்கால் சுவரை விட்டு விலகிச் செல்லவும் வேண்டும். முகட்டில் வீழ்ந்த துளி வளவின் எல்லையைக் கடக்கும்வரை, வழியில் எங்கேனும் ஓரிடம் ஒடுங்கியிருப்பின், முழு வழியின் வலுவும் அவ்வொடுங்கிய இடத்தின் வலுவேயாகும்.